வேலந்தாவளம் சந்தையும் நூறு மீட்டர் வேலியும்

கேரள, தமிழ்நாடு எல்லையில், கேரளப் பக்கம் இருக்கும் வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு எதிரே என் மச்சானுக்கு விதை, பூச்சிமருந்துக் கடை. போன வருஷம் ஒரு நாள் மத்தியானம் போனில் கூப்பிட்டார்.

"மாப்ள, ஒரு பையன் வந்திருக்கான். சந்தையைச் சுத்தி நூறு மீட்டருக்கு வேலி போட்டுத் தர்றேங்கறான். உள்ள வர்ற ஒவ்வொரு போனுக்கும் நம்ம கடை விளம்பரம் போகுமாம். மாசம் எட்டாயிரம். நடக்குமா, கதை விடறானா?"

எனக்குக் கொழிஞ்சாம்பாறையில் போன் ரிப்பேர் கடை. இடையிடையே சின்னச் சின்ன ஆப் வேலைகளும் எடுத்துச் செய்வேன். "வேலி நடக்கும். நூறு மீட்டர்தான் இடிக்குது. ஒவ்வொரு போனுக்கும்ங்கறது பொய்" என்றேன். மச்சானுக்கு அது போதவில்லை. சாயங்காலம் கடைக்கே வந்து உட்கார்ந்துவிட்டார். அன்று அவருக்குச் சொன்னதையும், அடுத்த சில நாட்களில் இருவரும் சந்தையில் போனைத் தூக்கிக்கொண்டு அலைந்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பையன் சொன்ன வேலிக்குப் பெயர் ஜியோஃபென்ஸ். அது வரைபடத்தில் போடும் ஒரு வட்டம், அவ்வளவுதான். நடுவில் ஒரு புள்ளி, அதன் அட்சரேகை, தீர்க்கரேகை, அப்புறம் இத்தனை மீட்டர் என்று ஓர் ஆரம். சந்தையில் கருவி எதுவும் நடுவதில்லை. சந்தையிலிருந்து எந்த அலையும் கிளம்பி வந்து உங்கள் போனைத் தொடுவதும் இல்லை. உங்கள் போனில் இருக்கும் ஓர் ஆப், "நான் இப்போது எங்கே இருக்கிறேன்" என்று போனையே கேட்கிறது. பதிலாக வரும் இடத்துக்கும் வட்டத்தின் நடுப்புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போடுகிறது. தூரம் ஆரத்தைவிடக் குறைந்தால் உள்ளே வந்தாயிற்று, கூடினால் வெளியே போயாயிற்று. அந்தக் கணக்கில் பிழை வராது, பள்ளிக்கூடத்துக் கணக்குதான். பிழை வருவதெல்லாம் போன் சொல்லும் பதிலில்.

அந்தப் பதிலை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மேப்பைத் திறந்தால் ஒரு நீலப் புள்ளி தெரியும், அதைச் சுற்றிப் பல நேரம் வெளிர்நீல வட்டம் ஒன்று இருக்கும். புள்ளியைத்தான் எல்லோரும் பார்ப்போம். ஆனால் போன் உண்மையில் சொல்வது அந்த வட்டத்தை. "இந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறேன்" என்பது அதன் பொருள். அதிலும் முழு உறுதி கிடையாது. ஆண்ட்ராய்டில் இந்த வட்டம் 68 சதவீத நிச்சயம் என்ற கணக்கில் தரப்படுகிறது. மூன்று தடவை கேட்டால் ஏறக்குறைய ஒரு தடவை நீங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பீர்கள், போனும் அதை ஒப்புக்கொண்டுதான் வட்டத்தைக் காட்டுகிறது. ஆக, நீங்கள் சந்தைக்கு ஒரு வட்டம் போடுகிறீர்கள், போன் தனக்கு ஒரு வட்டம் போடுகிறது. போனின் வட்டம் சந்தையின் வட்டத்தைவிட நன்றாகச் சிறியதாக இருந்தால்தான் உள்ளே, வெளியே என்ற பேச்சுக்கு அர்த்தம்.

போனின் வட்டம் எவ்வளவு பெரியது என்பது, அது எதைக் கேட்டு இடத்தைக் கண்டுபிடித்தது என்பதைப் பொறுத்தது. போனுக்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது செல்போன் கோபுரம். எல்லைக்காரர்களான நமக்கு இந்த வழி ரொம்பப் பழக்கம். ரோமிங்குக்குக் காசு பிடித்த காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் இதனாலேயே சண்டை நடக்கும். சொந்த வீட்டுத் திண்ணையில், கேரளத்துக்குள் உட்கார்ந்திருப்போம். போன் தமிழ்நாட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நம்மை வெளியூர்க்காரனாக்கிவிடும். போன் பிடிப்பது பக்கத்தில் இருக்கும் கோபுரத்தை அல்ல, அந்த நேரத்தில் நன்றாகக் கேட்கும் கோபுரத்தை. கோபுரத்தை மட்டும் வைத்து இடம் சொன்னால் ஊர்ப்புறத்தில் சில நூறு மீட்டரிலிருந்து சில கிலோமீட்டர் வரை பிசகும். மாநிலத்தையே மாற்றிச் சொல்லும் ஒன்றை நம்பி நூறு மீட்டர் வேலி போட முடியாது.

அடுத்தது வைஃபை. போன் எந்த வைஃபையிலும் சேர வேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் எந்தெந்த ரவுட்டர்கள் கேட்கின்றன, எவ்வளவு பலமாகக் கேட்கின்றன என்று பார்த்துக்கொண்டால் போதும். எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பெரிய பட்டியலைக் கூகுளும் ஆப்பிளும் தனித்தனியே வைத்திருக்கின்றன. அதோடு ஒப்பிட்டால் 20 முதல் 50 மீட்டர் துல்லியம் கிடைக்கும், ரவுட்டர்கள் நெருக்கமாக இருக்கும் கட்டடத்துக்குள் இன்னும் குறையலாம். கோயம்புத்தூர் காந்திபுரத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும். வேலந்தாவளத்தில் ரோட்டோரக் கடைகளில் சில ரவுட்டர்கள், அதைத் தாண்டினால் தென்னந்தோப்பு. இன்னொரு வேடிக்கையும் இதில் உண்டு. பொள்ளாச்சி வாடகை வீட்டைக் காலி செய்து ரவுட்டரோடு இங்கே வந்த புதிதில், என் வீட்டுக்குள் எந்தப் போனைத் திறந்தாலும் பொள்ளாச்சி என்றே காட்டியது. ரவுட்டர் இடம் மாறிய செய்தி அந்தப் பட்டியலுக்குப் போய்ச் சேரச் சில நாள் ஆனது.

மூன்றாவது செயற்கைக்கோள். ஜிபிஎஸ் கோள்கள் தலைக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் தன் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சேதி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்து, போன் தூரத்தைக் கணிக்கிறது. நான்கு கோள்கள் கேட்டால் இடம் தெரியும். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன் 5 மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். கவனிக்க வேண்டியது நேரத்தைத்தான். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். தகரக் கூரையிலும் லாரியின் பக்கவாட்டிலும் பட்டுத் தெறித்து வரும் அலை கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறது, கொஞ்சம் தாமதமாகிறது. போன் அதை நேராக வந்த அலை என்று நம்பினால் உங்களைத் தள்ளி நிறுத்திவிடும். கூரைக்கு அடியில், டெம்போக்களுக்கு நடுவே நடக்கிற சந்தை இதற்கென்றே அமைந்த இடம்.

செயற்கைக்கோளைக் கேட்பது பேட்டரியைத் தின்னும் வேலையும்கூட. அதனால் சட்டைப்பையில் திரை அணைந்து கிடக்கும்போது போன் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. வைஃபையும் கோபுரமும் சொல்வதை வைத்து ஓட்டிவிடும். மேப்பைத் திறந்து கையில் பிடித்தபோது 5 மீட்டர் காட்டிய அதே போன், பையில் கிடக்கும்போது எவ்வளவு துல்லியம் என்று யாரும் பார்ப்பதில்லை. வேலி வேலை செய்ய வேண்டியதோ போன் பையில் கிடக்கும்போதுதான்.

அதைத்தான் நாங்கள் சோதித்தோம். சந்தைக்கு நடுவில் ஒரு புள்ளி வைத்து, நூறு மீட்டர் ஆரத்தில் வேலி போட்டு, உள்ளே வந்தால் நேரத்தையும் போன் சொன்ன துல்லியத்தையும் குறித்துவைக்கும்படி ஒரு சின்ன ஆப் எழுதினேன். அதை என் போன், மச்சான் போன், கடைப் பையன் போன் மூன்றிலும் போட்டேன். ஏலம் சூடுபிடிக்கிற நேரமாகப் பார்த்துப் போனோம்.

சந்தைக்கு வெளியே திறந்தவெளியில், போன் கையில் இருந்தபோது துல்லியம் 4, 5 மீட்டர் என்று வந்தது. தகரக் கூரைக்குள் புடலங்காய்க் கட்டுகளுக்கு நடுவே நின்றால் 20, 30 என்று ஏறியது. போனைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 60 சொச்சம் இருந்தது, ஒரு முறை 400ஐத் தாண்டியது. அந்த 400க்கு என் நீலப் புள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. நான் நகரவே இல்லை, கையில் டீ கிளாஸோடு அங்கேயேதான் நின்றேன்.

மச்சானின் கடை நடுப்புள்ளியிலிருந்து சுமார் 80 மீட்டர். அதாவது வேலியின் விளிம்புக்கு உள்ளே 20 மீட்டர்தான். போனின் வட்டம் 60 மீட்டர் இருக்கும்போது அந்த 20 மீட்டர் எந்த மூலைக்கு? கடைப் பையன் காலையிலிருந்து கல்லாவை விட்டு நகராதவன். அவன் போன் மதியத்துக்குள் ஏழு தடவை வேலிக்குள் வந்து, ஏழு தடவை வெளியே போயிருந்தது. புள்ளி விளிம்பைத் தாண்டி அங்கேயும் இங்கேயும் ஆடியதுதான் காரணம். ஒவ்வொரு வருகைக்கும் விளம்பரம் அனுப்பியிருந்தால் நம் கடைப் பையனுக்கே நம் கடையைப் பற்றி ஏழு விளம்பரம் போயிருக்கும்.

இந்த ஆட்டத்தை நிறுத்த இரண்டே வழிகள். ஒன்று, வட்டத்தைப் பெரிதாக்குவது. ஆண்ட்ராய்டில் ஆப் எழுதுகிறவர்களுக்குக் கூகுளே தரும் அறிவுரை, ஆரம் குறைந்தது 100 முதல் 150 மீட்டர் இருக்கட்டும் என்பது. வைஃபை குறைவான ஊர்ப்புறமானால் இன்னும் பெரிதாக வேண்டும். இரண்டாவது வழி, உள்ளே வந்ததும் குதிக்காமல் கொஞ்சம் காத்திருப்பது. இத்தனை நிமிடம் தொடர்ந்து உள்ளேயே இருந்தால்தான் வந்ததாகக் கணக்கு என்று சொல்லிவைக்கலாம். எங்கள் ஆப்பில் கடைசியில் நின்றது இதுதான்:

```
.setCircularRegion(lat, lon, 300f)
.setTransitionTypes(Geofence.GEOFENCE_TRANSITION_DWELL)
.setLoiteringDelay(300000)
```

ஆரம் 300 மீட்டர், காத்திருப்பு மூன்று லட்சம் மில்லி நொடி, அதாவது ஐந்து நிமிடம்.

காத்திருப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு, அது பஸ். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பஸ் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். நூறு மீட்டர் ஆர வட்டத்தின் குறுக்களவு 200 மீட்டர், 18 நொடியில் கடந்துவிடும். பின்னணியில் கிடக்கும் ஆப்புக்கு ஆண்ட்ராய்டு இடத்தைச் சொல்வது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் இருக்கும். போன் வெகுநேரம் அசையாமல் கிடந்திருந்தால் ஆறு நிமிடம்வரைகூட ஆகலாம். ஐபோனும் உடனே சொல்லாது. எல்லையைக் கொஞ்சம் தாண்டிப்போய் 20 நொடியாவது அங்கே நின்றால்தான் ஆப்பை எழுப்பும். ஆக, பாலக்காட்டு பஸ்ஸில் போகிறவர் வட்டத்துக்குள் வந்து போனதே பல நேரம் தெரியாது. செக்போஸ்ட் பக்கம் லாரி நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் அவரே கத்தரிக்காய் வாங்க வந்தவராகக் கணக்கில் ஏறிவிடுவார். ஐந்து நிமிடக் காத்திருப்பு இவர்களில் பாதிப்பேரை வடிகட்டும். மீதிப்பேரை எதுவும் வடிகட்டாது.

சரி, துல்லியத்தை ஒருவழியாகச் சமாளித்தாயிற்று. அந்தத் தம்பி சொன்ன "ஒவ்வொரு போனுக்கும்" என்பது என்ன ஆனது?

வேலியைக் கவனிப்பது போனுக்குள் இருக்கும் ஆப் என்று முதலிலேயே சொன்னேன். மூட்டை இறக்க வந்த விவசாயியின் போனில் நம் ஆப் இல்லையென்றால் நம் வேலி அவருக்கு இல்லை. ஆப் இருந்தாலும் எல்லா நேரமும் இடம் பார்க்க அனுமதி தந்திருக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் திறந்திருக்கும்போது மட்டும் என்பதைத்தான் தட்டுவார்கள், அதுவே நல்லதும்கூட. இதற்கு மேல், 2020இல் வந்த ஐஓஎஸ் 14இலும் 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12இலும் துல்லியமான இடத்தைத் தராமல் தோராயமான இடத்தை மட்டும் தரும் வசதி வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் தோராயம் என்றால் ஏறக்குறைய 3 சதுர கிலோமீட்டர். சந்தை, செக்போஸ்ட், தோப்பு, அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக் கடைகள் எல்லாம் அதில் ஒரே புள்ளிதான்.

அதனால் இந்தத் தம்பிகள் சொந்த ஆப்பை நம்புவதில்லை. பெரிய விளம்பரத் தளங்களில் பணம் கட்டி, அங்கே ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பார்கள். கூகுள் விளம்பரத்தில் வட்டத்தின் மிகச் சிறிய ஆரமே 1 கிலோமீட்டர். நூறு மீட்டர் என்று மச்சானிடம் விற்கப்பட்டது பெரும்பாலும் அந்த ஒரு கிலோமீட்டர்தான். பரப்பில் பார்த்தால் நூறு மடங்கு. அங்கே இன்னொரு கதவும் திறந்து கிடக்கும். வட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் என்று தேர்ந்தெடுக்காவிட்டால், அந்த இடத்தில் ஆர்வம் காட்டியவர்களுக்கும் விளம்பரம் போகும். கோவையில் சோபாவில் படுத்துக்கொண்டு வேலந்தாவளம் தக்காளி விலை தேடுகிறவருக்கும் மச்சான் காசு கட்டுவார்.

மச்சான் மருமகளின் கல்லூரிக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே வருகைப் பதிவு ஆப் வழியாக, வளாகத்தைச் சுற்றி வேலி. கான்கிரீட் கட்டடத்தின் கீழ்த்தளத்து வகுப்பில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஆப்சென்ட் விழுந்தது. வேலியைக் கட்டடத்தை ஒட்டி வரைந்திருந்தார்கள், மதில் வரை விட்டிருந்தால் பாதித் தகராறு வந்திருக்காது. மதில் வரை விட்டால் வெளியே ஜூஸ் கடையில் இருக்கும் பையனுக்குப் பிரசென்ட் விழும், அது தனிக்கதை. எந்த வகுப்பறை, எந்த மாடி என்பதை இந்த வேலியால் சொல்லவே முடியாது, அது தரையில் வரைந்த வட்டம். டெவலப்பர் அமைப்பில் போலி இடம் வைக்கத் தெரிந்த பையன் வீட்டுக் கட்டிலிலிருந்தே உள்ளே வந்துவிடுவான். அதனால் வேலியை மட்டும் வைத்து ஒருவருக்கு ஆப்சென்ட் போடுவது என் கண்ணில் நியாயமில்லை.

திருவிழாவுக்கு வேலி போடலாமா என்றும் மச்சான் கேட்டார். சித்தூர் பகவதி கோயில் கொங்கன்படைக்குக் கூட்டம் அம்மும். வேலி வேலை செய்யும், கூட்டத்தால் செயற்கைக்கோளுக்கு ஒன்றும் ஆகாது. திணறுவது நெட்தான். உள்ளே வந்தது போனுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் சர்வர் வழியாகப் போய்த் திரும்பி வர வேண்டிய அறிவிப்பு அவர் வீடு திரும்பியபிறகு வரும். சொல்ல வேண்டிய செய்தியை முன்னாலேயே போனுக்குள் போட்டுவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவையும் கேட்டபிறகும் மச்சானுக்கு அந்தத் தம்பியை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. "ஒரு வாரம் சும்மா ஓட்டிக் காட்டு தம்பி, அப்புறம் பார்க்கலாம்" என்றார். ஒரு வாரம் கழித்து வண்ண வண்ணமாய் அறிக்கை வந்தது. சந்தைக்கு வந்த போன்கள் 312 என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான் மச்சானிடம், அந்த 312க்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, நேரம் மூன்றையும் கேட்டு வாங்கச் சொன்னேன். தம்பி முதலில் மழுப்பினார், பிறகு ஒரு எக்செல் ஷீட் அனுப்பினார்.

இந்த மாதிரி ஷீட்டில் முதலில் பார்க்க வேண்டியது புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் என்பதை. ஒரு டிகிரி என்பது நம் பக்கத்தில் சுமார் 110 கிலோமீட்டர். அதனால் புள்ளிக்குப் பின் இரண்டே இலக்கம் இருந்தால் ஒரு கிலோமீட்டர்வரை தெளிவில்லை, நான்கு இலக்கம் இருந்தால் 11 மீட்டர். ஆனால் இலக்கம் அதிகமாக இருந்துவிட்டால் மட்டும் அது உண்மை ஆகிவிடாது. அடுத்து, ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு தனித்தனிப் போன்கள் ஆறு இலக்கம்வரை ஒரே இடத்தைச் சொல்வது அபூர்வம்.

எங்கள் ஷீட்டில் 312 வரிகளில் 190க்கும் மேலே அச்சு அசலாக ஒரே இடம். நேரத்தைப் பார்த்தால் ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிகூட இருந்தது. சந்தை அப்போது நாய்களுக்குத்தான்.

இது எப்படி நடக்கிறது என்றால், போன் இடத்தைத் தராதபோது விளம்பர உலகம் வேறு எதையாவது பிடித்து இடத்தை ஊகிக்கும். இணைய முகவரியை வைத்து ஊரை ஊகித்து, அந்த ஊருக்கோ பின்கோடுக்கோ நடுப்புள்ளியாக ஒன்றை எழுதிவிடும். அந்த ஊகம், அளந்த இடத்தைப் போலவே ஷீட்டில் உட்கார்ந்துகொள்ளும். அமெரிக்காவில் இது ஒரு குடும்பத்தையே அலைக்கழித்தது. இணைய முகவரிகளுக்கு இடம் சொல்லும் மேக்ஸ்மைண்ட் என்ற நிறுவனம், நாடு மட்டும் தெரிந்து ஊர் தெரியாத முகவரிகளுக்கு நாட்டின் நடுவில் ஒரு புள்ளியை வைத்திருந்தது. கான்சாஸ் மாநிலத்தில் அந்தப் புள்ளி விழுந்த இடம் ஒரு பண்ணை. அறுபது கோடி முகவரிகள் அந்தப் பண்ணையைக் காட்டின. திருட்டுப் போன போனைத் தேடியும் மோசடிக்காரர்களைத் தேடியும் வருஷக்கணக்காகப் போலீசும் ஆட்களும் அந்த வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். 2016இல் விஷயம் பத்திரிகையில் வந்தபிறகுதான் புள்ளியை ஓர் ஏரிக்கு நடுவே மாற்றினார்கள்.

எங்கள் 190 பேர் எங்கே கூடியிருக்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றார் மச்சான். எண்ணை மேப்பில் போட்டோம். சந்தையிலிருந்து 700 மீட்டர் தள்ளி, ரோட்டை விட்டு உள்ளே காட்டியது. வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். தென்னந்தோப்பு, பூட்டிக்கிடந்த ஒரு மோட்டார் ரூம், இரண்டு எருமை. மச்சான் இறங்கி, தம்பிக்குப் போன் போட்டார்.

"தம்பி, நம்ம கஸ்டமரெல்லாம் இங்க ரெண்டு பேருதான் இருக்காங்க. நீங்களே வந்து விளம்பரத்தக் காட்டிட்டுப் போங்க."